ஒரு நாளைக்கு ஒன்றரை என்றால், ஓர் ஆண்டுக்கு எவ்வளவு?

அக்கா மகன் பி.காம். முடித்துவிட்டு ஒரு தணிக்கையாளரிடம் பயிற்சியில் இருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். ஒரு பங்கின் ஓராண்டு விலைகளை எக்செலில் வரிசையாக இறக்கி வைத்திருந்தான்.

"மாமா, இந்தப் பங்கு ஒரு நாளைக்கு ஒன்றரை சதவீதம் மேலயோ கீழயோ ஆடுது. வருஷத்துக்கு 252 நாள் சந்தை நடக்குதுன்னு கணக்கு. அப்போ 252-ஆல பெருக்கினா 378 சதவீதம் வரணும்ல? புத்தகத்துல 24-ன்னு போட்டிருக்கு. 15.87-ஆல பெருக்கச் சொல்றாங்க. அது எங்கிருந்து வந்துச்சு?"

15.87 என்பது 252-இன் வர்க்கமூலம். அதை அவனும் பார்த்திருந்தான். ஏன் வர்க்கமூலம் என்பதுதான் அவன் கேள்வி. சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் கேட்காமல் விட்டுவிடுகிற கேள்வி இது. இதற்கு விடை தெரிந்தால்தான் அந்த 24 எப்போது நம்பத் தகுந்தது, எப்போது பொய் சொல்லும் என்பதும் தெரியும்.

முதலில் ஒரு நாணயத்தை எடுத்துக்கொள்வோம். பூ விழுந்தால் ஒரு ரூபாய் வரவு, தலை விழுந்தால் ஒரு ரூபாய் செலவு. ஒரு நாளைக்கு ஒரு முறை சுண்டுகிறோம். ஒரு நாள் முடிவில் நாம் தொடங்கிய இடத்திலிருந்து சரியாக ஒரு ரூபாய் தள்ளி நிற்போம். மேலேயோ கீழேயோ, அது வேறு. நான்கு நாள் சுண்டினால் எவ்வளவு தள்ளி நிற்போம்? நான்கு ரூபாய் என்று சொல்ல வேண்டுமானால் நான்கு நாளும் பூவாகவே விழ வேண்டும், அல்லது நான்கு நாளும் தலையாகவே விழ வேண்டும். மொத்தம் 16 விதமாக விழலாம். அதில் ஒரே ஒரு விதத்தில்தான் நான்கு ரூபாய் வரவு, ஒரே ஒரு விதத்தில்தான் நான்கு ரூபாய் செலவு. நான்கு விதங்களில் இரண்டு ரூபாய் லாபம், நான்கு விதங்களில் இரண்டு ரூபாய் நட்டம். மீதி ஆறு விதங்களில் போட்ட இடத்திலேயே வந்து நிற்கிறோம்.

தள்ளி நிற்கும் தூரத்தைத் திட்ட விலக்கம் என்கிற அளவுகோலால் அளக்கிறோம். பத்தாம் வகுப்பில் படித்ததுதான்: தூரங்களை வர்க்கப்படுத்து, சராசரி எடு, பிறகு வர்க்கமூலம் காண். நான்கு ரூபாயின் வர்க்கம் 16. அது இரண்டு விதங்களில் வருவதால் 32. இரண்டு ரூபாயின் வர்க்கம் 4. எட்டு விதங்களில் வருவதால் இன்னொரு 32. மொத்தம் 64. அதை 16 விதங்களுக்குப் பங்கிட்டால் 4. அதன் வர்க்கமூலம் 2. நான்கு நாளைக்கு நான்கு மடங்கு இல்லை, இரண்டு மடங்குதான். ஒன்பது நாள் சுண்டினால் மூன்று மடங்கு, நூறு நாள் சுண்டினால் பத்து மடங்கு. 252 நாள் சுண்டினால் 15.87 மடங்கு.

எண்ணிப் பார்த்தது சரி, காரணம் எங்கே இருக்கிறது? எட்டாம் வகுப்புச் சமன்பாடு ஒன்றில் இருக்கிறது.

```
(a + b)² = a² + b² + 2ab
```

a என்பது நேற்றைய ஏற்ற இறக்கம், b என்பது இன்றையது. இரண்டு நாளும் சேர்ந்த ஆட்டத்தின் வர்க்கம் என்பது நேற்றைய வர்க்கமும் இன்றைய வர்க்கமும், கூடவே அந்த 2ab-யும். நேற்று ஏறியதால் இன்றும் ஏறும் என்றோ, இன்று இறங்கும் என்றோ எந்தக் கட்டாயமும் இல்லாவிட்டால், 2ab பாதி நேரம் கூட்டலாகவும் பாதி நேரம் கழித்தலாகவும் வந்து சராசரியில் காணாமல் போய்விடும். மிஞ்சுவது a² + b² மட்டும். ஆக, நாளுக்கு நாள் கூடிக்கொண்டு போவது வர்க்கம்தான். பாடப்புத்தகம் இதை விலக்க வர்க்கச் சராசரி என்கிறது. 252 நாளைக்கு அது 252 மடங்கு ஆகிறது. நமக்கு வேண்டியது வர்க்கத்தில் இல்லை, சதவீதத்தில். அதனால் கடைசியில் வர்க்கமூலம் எடுக்கிறோம். 252 அந்த வாசல் வழியாக வெளியே வரும்போது 15.87 ஆகிவிடுகிறது.

காலத்தின் வர்க்கமூலத்துக்கு முழுப் பொறுப்பும் இந்த 2ab காணாமல் போவதுதான். இதை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னால் வருகிற எல்லாச் சிக்கலும் அது காணாமல் போக மறுக்கும் இடங்களில்தான் பிறக்கிறது.

இதை முதலில் சந்தையில் கண்டு சொன்னவர் ஒரு பேராசிரியர் இல்லை. பாரிஸ் பங்குச்சந்தையில் வேலை பார்த்த ஜூல் ரெஞோ என்பவர், பிரெஞ்சு அரசுக் கடன்பத்திரங்களின் விலைகளை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். ஒரு மாத இடைவெளியில் விலை எவ்வளவு விலகுகிறது, அதைவிடக் கூடுதல் இடைவெளியில் எவ்வளவு என்று ஒப்பிட்டு, விலகல் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டியே வளர்கிறது என்று 1863-இல் வெளியிட்ட நூலில் எழுதினார். அதற்கு அவர் ஒரு வட்டத்தை உவமை சொன்னார்: காலம் வட்டத்தின் பரப்பு, விலகல் அதன் ஆரம். பரப்பு நான்கு மடங்கானால் ஆரம் இரண்டு மடங்குதான் ஆகும். 1900-இல் அதே பாரிஸில் லூயி பாஷ்லியே தன் முனைவர் பட்ட ஆய்வில் இதற்கு முறையான கணிதம் அமைத்தார். தண்ணீரில் மிதக்கும் நுண்துகள்களின் தள்ளாட்டத்துக்கு ஐன்ஸ்டைன் அதே விதியைச் சொன்னது அதற்குப் பின்பு, 1905-இல். பங்குச்சந்தை இந்த ஒரு விஷயத்தில் இயற்பியலுக்கு முன்னால் நடந்திருக்கிறது.

இனி நிஜ விலைகளில் செய்து பார்ப்போம். வேண்டுமென்றே ஒரு கொந்தளிப்பான வாரத்தை எடுக்கிறேன்: 2024 மக்களவைத் தேர்தல் முடிவு வந்த வாரம். வாக்குக் கணிப்புகளைக் கேட்டுத் திங்களன்று சந்தை துள்ளியது; செவ்வாயன்று, ஜூன் 4-இல், எண்ணிக்கை வேறு மாதிரி போனதும் விழுந்தது; பிறகு மெல்ல எழுந்தது. நிஃப்டி 50 குறியீட்டெண்ணின் முடிவு நிலைகள் இவை: மே 31 அன்று 22,530.70, ஜூன் 3 அன்று 23,263.90, ஜூன் 4 அன்று 21,884.50, ஜூன் 5 அன்று 22,620.35, ஜூன் 6 அன்று 22,821.40, ஜூன் 7 அன்று 23,290.15.

முதல் வேலை, ஒவ்வொரு நாளின் மாற்றத்தையும் காண்பது. சாதாரணச் சதவீதத்தில் ஒரு வில்லங்கம் உண்டு. 100 ரூபாய் 10 சதவீதம் ஏறி 110 ஆகி, அடுத்த நாள் 10 சதவீதம் இறங்கினால் 100-க்குத் திரும்பாது, 99-இல் நிற்கும். ஏற்றமும் இறக்கமும் கூட்டலில் சரிப்பட்டு வராது. நம் வாதமே நாட்களைக் கூட்டுவதில்தான் நிற்கிறது. அதனால் இன்றைய விலையை நேற்றைய விலையால் வகுத்து அதற்கு மடக்கை எடுக்கிறார்கள். மடக்கையில் எடுத்த மாற்றங்களை நேராகக் கூட்டலாம். அப்படி எடுத்தால் அந்த ஐந்து நாட்களும் வரிசையாக 3.20, மைனஸ் 6.11, 3.31, 0.88, 2.03 சதவீதம். கூட்டினால் 3.31 வரும், வார ஆரம்பத்திலிருந்து முடிவு வரை நேராகக் கணக்கிட்டாலும் 3.3 சதவீதம்தான். இந்தச் சரிபார்ப்பை நான் ஒருபோதும் விடுவதில்லை. ஒரு விலையைத் தப்பாக இறக்கியிருந்தால் பெரும்பாலும் இங்கேயே பிடிபட்டுவிடும்.

அடுத்து சராசரி: 0.66 சதவீதம். ஒவ்வொரு நாளும் அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்று பார்த்து, வர்க்கப்படுத்திக் கூட்டி, நாட்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து நான்கால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 3.91 சதவீதம். இது அந்த வாரத்தின் ஒரு நாள் ஆட்டம். இதை 15.87-ஆல் பெருக்கினால் ஆண்டு ஆட்டம் 62 சதவீதம்.

62 என்ற எண்ணைப் பார்த்ததும் பையன் மிரண்டான். மிரள வேண்டியதுதான். கூட்டிய வர்க்கங்களில் நான்கில் மூன்று பங்கு செவ்வாய்க்கிழமை ஒன்றிலிருந்து மட்டும் வந்தது. அந்த நாள் 251 முறை திரும்ப வரும் என்று யாரும் நினைக்கவில்லை. சந்தையும் நினைக்கவில்லை என்பதற்குச் சாட்சி உண்டு: அடுத்த ஒரு மாதத்துக்குச் சந்தை எதிர்பார்க்கும் ஆட்டத்தை ஆப்ஷன் விலைகளிலிருந்து கணித்து ஆண்டுக் கணக்கில் சொல்லும் இந்தியா விக்ஸ், ஜூன் 4 அன்று 26-ஐத் தாண்டி முடிந்து, வெள்ளிக்கிழமைக்குள் 17-க்குப் பக்கத்தில் இறங்கிவிட்டது. ஆண்டுக் கணக்காக மாற்றுவது என்றால் அளவை மாற்றுவது, அவ்வளவுதான். ஆட்டோ ஒரு தெருவில் ஒரு நிமிடம் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போனது என்றால், அது ஒரு மணி நேரத்தில் 50 கிலோமீட்டர் போய்ச் சேரும் என்று அர்த்தமாகாது. 62 சதவீதமும் அந்த மாதிரி ஒரு வேகம்.

ஆகவே குறைந்தது சில மாதங்களின் விலையாவது வேண்டும். ஓராண்டு எடுப்பது வழக்கம். 252 தினசரி மாற்றங்களுக்கு 253 விலைகள் தேவைப்படும். B நெடுவரிசையில் B2 முதல் B254 வரை விலைகள் இருந்தால் எக்செலில் மூன்றே வரிகள்:

```
C3:   =LN(B3/B2)
E1:   =STDEV.S(C3:C254)
E2:   =E1*SQRT(252)
```

முதல் வரியைக் கடைசி விலை வரை கீழே இழுத்துவிட வேண்டும். E2-இல் வருவதுதான் புத்தகம் சொல்லும் ஆண்டு வாலட்டிலிட்டி.

பையன் இதை இன்னொரு பங்குக்குப் போட்டான். 73 சதவீதம் வந்தது. "இது பெரிய கம்பெனி மாமா, இவ்வளவு ஆடாதே" என்றான். C நெடுவரிசையில் கீழே இறங்கிக்கொண்டே வந்தோம். ஒரு வரியில் மட்டும் மைனஸ் 69 சதவீதம். ஒன்றுக்கு ஒன்று போனஸ் பங்கு கொடுத்த நாள். விலை பாதியானது, கையில் இருக்கும் பங்கு இரட்டிப்பானது, யாருக்கும் நட்டமில்லை. ஆனால் எக்செலுக்கு அது தெரியாது. வர்க்கப்படுத்தும்போது அந்த ஒரு வரி மற்ற 251 வரிகளையும் விழுங்கிவிடுகிறது. போனஸுக்கும் முகமதிப்புப் பிரிப்புக்கும் திருத்திய விலைகளை இறக்கியதும் 24-க்கு வந்தது. ஒரு பெரிய பங்குக்கு 60, 70 என்று வந்தால் சூத்திரத்தைச் சந்தேகிக்கும் முன் நெடுவரிசையின் மிகப் பெரிய எண்ணைத் தேடிப் பாருங்கள்.

இந்த 24-ஐ எப்படிப் படிப்பது? ஓர் ஆண்டில் இந்தப் பங்கு தன் சராசரிப் போக்கிலிருந்து மேலே 24 சதவீதத்துக்கும் கீழே 24 சதவீதத்துக்கும் இடையில் முடிவது ஏறக்குறைய மூன்றில் இரண்டு வாய்ப்பு. மீதி ஒரு பங்கு வாய்ப்பில் அதற்கு வெளியே போகும். அதிகபட்ச நட்டம் 24 என்று படிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது எல்லைக்கோடு கிடையாது.

வர்க்கமூலத்திலிருந்து இன்னொரு விஷயம் கிடைக்கிறது. எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது. ஒரு பங்கு நாளொன்றுக்குச் சராசரியாக 0.05 சதவீதம் வளர்கிறது, நாளொன்றுக்கு 1 சதவீதம் ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் வளர்ச்சியைப் போல இருபது மடங்கு ஆட்டம். வளர்ச்சி கண்ணுக்கே தெரியாது. வளர்ச்சி நாட்களோடு நேராகப் பெருகும், ஆட்டம் வர்க்கமூலத்தில்தான் பெருகும். 252 நாளில் வளர்ச்சி 12.6, ஆட்டம் 15.9. இரண்டும் கிட்டத்தட்டத் தோளுக்குத் தோள். நான்கு ஆண்டுகளில் வளர்ச்சி சுமார் 50, ஆட்டம் சுமார் 32. அதே பங்கு, அதே குணம். தினமும் விலை பார்ப்பவர் ஆட்டத்தை மட்டுமே பார்க்கிறார். நான்கு ஆண்டுக்கு ஒரு முறை பார்ப்பவருக்கு வளர்ச்சி தெரிகிறது. அந்த 0.05 தொடரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பது வேறு விஷயம்.

இப்போது 252-க்கு வருவோம். இது அமெரிக்கப் பழக்கம். அங்கே ஆண்டுக்கு ஏறக்குறைய அத்தனை நாள் சந்தை நடக்கிறது. நம் ஊரில் விடுமுறைகள் கொஞ்சம் கூடுதல், பெரும்பாலும் 245 முதல் 250 நாட்கள். 248 என்று எடுத்தால் வர்க்கமூலம் 15.75. வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இதற்காகச் சண்டை போட வேண்டியதில்லை.

சண்டை போட வேண்டிய இடம் வேறு. தேசியப் பங்குச்சந்தை தினமும் வெளியிடும் வாலட்டிலிட்டிக் கோப்பில் ஆண்டு அளவுக்கான நெடுவரிசையின் தலைப்பையே வாசித்துப் பாருங்கள்: தினசரி அளவை SQRT(365)-ஆல் பெருக்கியது என்று அதிலேயே எழுதியிருக்கும். √365 என்பது 19.1. அதாவது நாளொன்றுக்கு 1 சதவீதம் ஆடும் பங்குக்குப் புத்தக முறையில் ஆண்டு ஆட்டம் 15.9, அந்தக் கோப்பின் முறையில் 19.1. ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். சந்தை ஒன்றுதான், பங்கும் ஒன்றுதான். பெருக்கியது மட்டும் வேறு. கோப்பில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. தலைப்பைப் படிக்காமல் இரண்டு இடத்து எண்களை ஒப்பிடுகிறவர்தான் ஏமாறுவார்.

இரண்டில் எது சரி என்று கேட்டால், கேள்வி இப்படி மாறுகிறது: சனி, ஞாயிறும் விலை உள்ளுக்குள் ஆடிக்கொண்டிருக்கிறதா? ஆடினால் வெள்ளி மாலையிலிருந்து திங்கள் மாலை வரை மூன்று நாள் ஆட்டம் சேர்ந்திருக்க வேண்டும். வர்க்கக் கணக்கில் திங்களின் எண் மற்ற நாட்களைப் போல மூன்று மடங்கு வர வேண்டும். அமெரிக்கப் பங்குகளில் இதை அளந்து பார்த்தார்கள். 1965-இல் யூஜின் ஃபாமா கண்டது 22 சதவீதம் கூடுதல் மட்டும். 1986-இல் கென்னத் ஃபிரெஞ்சும் ரிச்சர்ட் ரோலும் கண்டது 10.7 சதவீதம் கூடுதல். மூன்று மடங்குக்குப் பக்கத்தில்கூட இல்லை.

வார இறுதியில் செய்தி குறைவாக வருவதால்தான் அப்படி என்று ஒருவர் வாதிடலாம். அதற்கும் ஒரு சோதனை தானாகவே அமைந்தது. 1968-இன் பின்பாதியில் நியூயார்க் பங்குச்சந்தையில் வர்த்தகம் பெருகி, பத்திரங்களைக் கைமாற்றும் காகித வேலை மலைபோல் குவிந்துவிட்டது. அதைத் தீர்க்கப் புதன்கிழமைகளில் சந்தையை மூடி வைத்தார்கள். நாட்டில் மற்ற எல்லாம் வழக்கம்போல நடந்தன. கம்பெனிகள் இயங்கின, செய்திகள் வந்தன. சந்தை மட்டும் இல்லை. ஃபிரெஞ்சும் ரோலும் அந்தப் புதன்களையும் எடுத்துப் பார்த்தார்கள். செவ்வாய் மாலையிலிருந்து வியாழன் மாலை வரையிலான ஆட்டம் இரண்டு நாள் அளவுக்கு வரவில்லை, மிகவும் குறைந்தே இருந்தது. வாங்குவதும் விற்பதும் நடந்தால்தான் விலை ஆடுகிறது என்பது அதிலிருந்து தெரிகிறது.

ஆகவே சந்தை நாட்களின் விலையிலிருந்து எடுத்த தினசரி ஆட்டத்தைச் சந்தை நாட்களின் வர்க்கமூலத்தால் பெருக்குவதே பொருத்தம் என்பது என் கருத்து. 365 போட்டால் கடை திறக்காத நாட்களுக்கும் வியாபாரம் எழுதுவது போலாகும். சனி, ஞாயிறும் ஓயாமல் நடக்கும் பிட்காயின் போன்றவற்றுக்கு 365 சரியான எண். இந்தியா விக்ஸ் 16 என்று இருக்கும்போது, நாளைக்கு எவ்வளவு ஆடும் என்று அறிய வேண்டுமானாலும் 15.87-ஆல்தான் வகுக்க வேண்டும். விடை ஒரு சதவீதம். 19.1-ஆல் வகுத்தால் 0.84 வரும். அது ஞாயிற்றுக்கிழமைக்கும் பங்கு பிரித்துக் கொடுத்த எண், எந்தச் சந்தை நாளுக்கும் பொருந்தாது.

இனி அந்த 2ab.

நேற்று ஏறியது இன்றும் ஏறும் என்ற ஒட்டுறவு கொஞ்சம் இருந்தாலும் 2ab காணாமல் போகாது, கூடிக்கொண்டே போகும். வர்க்கமூலம் அப்போது குறைத்துச் சொல்லும். நாளுக்கு நாள் ஒட்டுறவு 0.1 இருந்தால் உண்மையான ஆண்டு ஆட்டம் சூத்திரம் சொல்வதைவிடச் சுமார் 10 சதவீதம் அதிகம், 0.5 இருந்தால் 73 சதவீதம் அதிகம். மாறாக, நேற்று விழுந்ததால் இன்று எழும் என்ற குணம் இருந்தால் சூத்திரம் கூட்டிச் சொல்லும். அந்தத் தேர்தல் வாரத்தையே பாருங்கள்: நாளொன்றுக்கு 3.91 என்றால் ஐந்து நாளைக்கு, √5-ஆல் பெருக்கி, 8.7 சதவீதம் நகர்ந்திருக்கலாம். நகர்ந்தது 3.3. விழுந்ததும் எழுந்ததும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. ஒரே ஒரு வாரத்தை வைத்து விதி தப்பென்று சொல்ல முடியாதுதான். நாணயத்திலும் 16-க்கு 6 முறை தொடங்கிய இடத்துக்கே வந்தோம் அல்லவா?

பல வாரங்களை வைத்துச் சொல்ல முடியும். தினசரி மாற்றங்களின் விலக்க வர்க்கச் சராசரியை ஐந்தால் பெருக்குங்கள். அதே காலத்தின் வாராந்தர மாற்றங்களின் விலக்க வர்க்கச் சராசரியை அதனால் வகுங்கள். ஒன்றுக்குப் பக்கத்தில் வந்தால் வர்க்கமூலத்தை நம்பலாம். நன்றாக மேலே போனால் நாட்கள் கைகோத்து நடக்கின்றன. கீழே போனால் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கின்றன. ஆண்ட்ரூ லோவும் கிரெய்க் மக்கின்லேயும் 1988-இல் அமெரிக்கப் பங்குகளின் வாராந்தர விலைகளில் இந்த வகைச் சோதனையைத்தான் செய்தார்கள். சிறிய கம்பெனிகளுக்கும் பெரிய கம்பெனிகளுக்கும் சம எடை கொடுத்த குறியீட்டெண்ணில் ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் 0.3 அளவுக்கு ஒட்டுறவு இருந்தது. தனித்தனிப் பங்குகளில் அது அநேகமாக இல்லை.

எங்கள் வீட்டிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருந்தது. அக்கா வீட்டுக்காரர் யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு சின்னப் பங்கை வாங்கி வைத்திருந்தார். நாளொன்றுக்கு 5 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்று சந்தை வரம்பு போட்ட பங்கு. கம்பெனியைப் பற்றி ஒரு கெட்ட செய்தி வந்ததும் லோயர் சர்க்யூட்டில் விழுந்தது. மறுநாளும் விழுந்தது. தினமும் காலையில் சந்தை திறந்ததும் 5 சதவீதம் கீழே போய் அங்கேயே உறைந்து நிற்கும். விற்க வரிசை, வாங்க ஆளில்லை. இப்படிப் பத்து நாள். 100 ரூபாய்க்கு 60 ரூபாய்தான் மிச்சம்.

பையன் அந்தப் பத்து நாளையும் எக்செலில் போட்டான். C நெடுவரிசையில் மேலிருந்து கீழ் வரை ஒரே எண்: மைனஸ் 5.13. எல்லாமே சராசரிக்குச் சமம் என்பதால் விலகல் இல்லை. E1-இல் 0.00 என்று வந்தது. ஆண்டு வாலட்டிலிட்டி பூஜ்யம். அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்பா இந்தப் பத்து நாளும் தூங்கல மாமா" என்றான்.

சராசரியைக் கழிக்காமல் வெறும் வர்க்கங்களை எடுத்துக் கணக்கிட்டோம். அப்போது ஒரு நாள் ஆட்டம் 5.13, பத்து நாளைக்கு √10-ஆல் பெருக்கினால் 16. மடக்கைக் கணக்கில் பங்கு விழுந்திருந்தது 51. ஒரே நாளில் நடந்து முடிந்திருக்க வேண்டிய வீழ்ச்சியை வரம்பு பத்துத் தவணையாகப் பிரித்துக் கொடுத்தது. ஒவ்வொரு தவணைக்கும் அடுத்த தவணை தெரிந்திருந்தது. 2ab ஒரு முறைகூடக் கழித்தலாக வரவில்லை. ஐந்து நாள் வர்க்கத்தை, ஒரு நாள் வர்க்கத்தின் ஐந்து மடங்கால் வகுத்துப் பார்த்தான். ஒன்று வர வேண்டிய இடத்தில் ஐந்து வந்தது.